பெயரை மாற்றினாலும் பொருந்துகிற வாழ்த்து மடல்

அச்சகத்தில் கணினியில் தட்டச்சு செய்து வடிவமைத்துக் கொடுப்பது என் வேலை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பில் புத்தகம் எல்லாம் வரும். மாதக் கடைசியில் மட்டும் பிரிவுபசார மடல் கூடுதலாக வரும். தமிழ்நாட்டில் அரசு ஊழியர்கள் 60 வயது நிறைகிற மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார்கள். அதனால் 27, 28 தேதிகளில் யாராவது ஒருவர் கையில் ஒரு பெயரை எழுதிக்கொண்டு, "நல்லா இலக்கியமா ஒண்ணு போட்டுக் கொடுங்க, சாயங்காலம் ஃபிரேம் போடணும்" என்று வந்து நிற்பார்.

அதற்கென்று என்னிடம் ஒரு கோப்பு இருந்தது. ஐந்து பத்தி. பெயர், பதவி, அலுவலகம் மூன்றையும் மாற்றினால் போதும். சில வருடங்களுக்கு முன் ஒரு மாதக் கடைசியில் அவசரத்தில் மாற்றும்போது, மூன்றாவது பத்தியில் முந்தைய ஆளின் பெயர் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு பேர் புரூஃப் பார்த்தார்கள். மடல் அச்சாகி, கண்ணாடி போட்டு, மேடையில் கொடுக்கப்பட்டது. குரூப் போட்டோவிலும் இருக்கிறது. பத்து மாதம் கழித்து வீட்டுக்கு வெள்ளையடிக்கக் கழற்றியபோதுதான் அவருடைய மகள் கவனித்திருக்கிறார். அந்த அம்மா கடைக்கு வந்து சண்டை போடவில்லை. "இதுல இருக்கிற எது எங்கப்பாவைப் பத்தினது?" என்று மட்டும் கேட்டார். நானும் படித்துப் பார்த்தேன். பெயரைத் தவிர ஒன்றும் இல்லை.

தவறு என்னுடையது. ஆனால் அந்தத் தவறு பத்து மாதம் யார் கண்ணிலும் படாமல் இருந்ததற்குக் காரணம் என் கவனக்குறைவு மட்டுமல்ல. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

## தேய்வழக்கு என்றால் என்ன?

பல பேர் பல பேருக்குச் சொல்லிச் சொல்லி, யாரைக் குறிக்கிறது என்ற அடையாளமே அழிந்துபோன சொற்றொடரைத் தேய்வழக்கு என்பார்கள். பழைய நாணயத்தில் தலை தேய்ந்து போயிருக்கும். செல்லும், ஆனால் எந்த ராஜா என்று தெரியாது. அதுபோலத்தான். "எளிமையின் சிகரம்", "பழக இனியவர்", "புன்னகை மாறாத முகம்", "தங்கள் இடத்தை இனி யாராலும் நிரப்ப முடியாது", "ஓய்வு பணிக்குத்தான், உழைப்புக்கு அல்ல" எல்லாம் இந்த வகை.

இதைக் கண்டுபிடிக்க என் தவறே ஒரு சோதனையைக் கற்றுக்கொடுத்தது. வாக்கியத்தில் பெயரை எடுத்துவிட்டு, அதே அலுவலகத்தில் போன வருடம் ஓய்வு பெற்றவர் பெயரைப் போட்டுப் பாருங்கள். வாக்கியம் கொஞ்சமும் நெளியாமல் நிற்கிறதா? அப்படியானால் அது தேய்வழக்கு.

இங்கே பரவலாக ஒரு குழப்பம் உண்டு. தேய்வழக்கு என்றால் பொய் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அவர் நிஜமாகவே பழக இனியவராக இருக்கலாம். குறை அந்த வாக்கியத்தின் உண்மையில் இல்லை. சொல்பவர் அவருடன் ஒரு நாளாவது இருந்தாரா என்பதற்கு அதில் தடயம் இல்லை, அவ்வளவுதான்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்து, சமையல்காரரிடம் ஒருவர் "சாப்பாடு சூப்பர்" என்கிறார். இன்னொருவர் "ரசத்துல மிளகு கொஞ்சம் தூக்கலா இருந்துச்சு, ரெண்டு தடவை கேட்டு வாங்கினேன்" என்கிறார். முதல் ஆள் சாப்பிடாமலே அதைச் சொல்லியிருக்க முடியும். இரண்டாவது ஆள் சாப்பிட்டிருக்கிறார். சமையல்காரர் முகம் யாரைப் பார்த்து மலரும் என்று சொல்லத் தேவையில்லை. இத்தனைக்கும் இரண்டாவது ஆள் "அருமை" என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

தேய்வழக்கைப் போக்க நம்மவர்கள் செய்கிற வைத்தியம் இரண்டு. ஒன்று, இன்னும் கனமான தமிழ். "எளிமையின் சிகரம்" போய் "எளிமையெனும் இமயத்தின் ஏற்றமிகு சிகரமே" வரும். பெயர் மாற்றும் சோதனையில் அதுவும் தோற்கும், கூடுதலாக மூச்சும் வாங்கும். இன்னொன்று, பணிப்பதிவேட்டை அப்படியே இறக்குவது: இந்த வருடம் சேர்ந்தார், இந்த ஊருக்கு மாற்றல், இந்த வருடம் பதவி உயர்வு. பெயர் மாற்றினால் இது பொருந்தாது, உண்மைதான். ஆனால் இதை எழுத அவரைத் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. பதிவேடு கையில் இருந்தால் போதும். ஆக, சோதனைக்கு இரண்டாவது கேள்வி ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: உடன் இருந்த ஒருவரால்தான் இதைச் சொல்ல முடியுமா?

இதுவரை பார்த்தது: தேய்வழக்கு பொய் அல்ல, ஆள் அடையாளம் தேய்ந்த உண்மை. பெயரை மாற்றினால் பொருந்தக்கூடாது, உடன் இருந்தவர் மட்டுமே சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் தாண்டுவதுதான் குறிப்பான நினைவு.

## நல்லவருக்கும் ஏன் முதலில் அதுவே வருகிறது?

இருபது வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர்கூட "பழக இனியவர்" என்றுதான் எழுதிக்கொண்டு வருகிறார். அன்பு இல்லாமல் இல்லை. எழுதத் தெரியாததாலும் இல்லை. நம் நினைவு சேமிக்கிற முறை அப்படி.

மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். நாள் முழுக்க நூறு பில் போடுகிறார்கள். ராத்திரி கடை சாத்தும்போது மொத்தத்தை நோட்டில் எழுதிக்கொண்டு, பில் அடிக்கட்டைகளை மூலையில் போட்டுவிடுகிறார்கள். மறுநாள் கேட்டால் மொத்தத்தைச் சட்டென்று சொல்வார்கள். யார் என்ன வாங்கினார் என்று கேட்டால் மூலையில் போய்த் தேட வேண்டும். நாம் ஒரு மனிதரோடு பழகுவதும் அப்படித்தான். அவர் பொறுமையாக நடந்துகொண்ட நூறு சம்பவங்கள் பில்கள். "பொறுமைசாலி" என்பது மொத்தம்.

கனடாவின் உளவியலாளர் எண்டல் டல்விங் 1972இல் இந்த இரண்டையும் இரண்டு வகை நினைவாகப் பிரித்துக் காட்டினார். உலகத்தைப் பற்றித் தெரிந்து வைத்திருக்கும் செய்திகள் பொருள்சார் நினைவு. இன்ன இடத்தில், இன்ன நேரத்தில் எனக்கு நடந்தது என்று மனத்தில் மறுபடி வாழ்ந்து பார்ப்பது நிகழ்வுசார் நினைவு. சென்னை தமிழ்நாட்டின் தலைநகர் என்பது முதல் வகை. முதல் தடவை சென்னைக்குப் போனபோது சென்ட்ரலில் பெட்டியைத் தொலைத்தது இரண்டாவது வகை.

இவை வேறு வேறு என்பதை ஒரு மனிதரின் வாழ்க்கை பளிச்சென்று காட்டியது. ஆய்வுகளில் கே.சி. என்ற எழுத்துகளால் குறிக்கப்பட்ட கனடாக்காரர் அவர். 1981இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளையில் அடிபட்டது. டல்விங் அவரைப் பல வருடம் ஆராய்ந்தார். தன் குடும்பத்துக்குக் கோடைக்கால வீடு ஒன்று இருப்பது கே.சி.க்குத் தெரியும்; அது எங்கே என்று வரைபடத்தில் காட்டவும் முடியும். ஆனால் அங்கே போன ஒரு நாள்கூட நினைவில் இல்லை. மொத்தக் கணக்கு நோட்டில் இருக்கிறது, பில் ஒன்றுகூட இல்லை.

நமக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. பில்கள் மூலையில் கிடக்கின்றன. ஆனால் மடல் எழுத உட்காரும்போது நம்மை நாமே கேட்டுக்கொள்கிற கேள்வி, "அவர் எப்படிப்பட்டவர்?" அந்தக் கேள்விக்குப் பொருள்சார் நினைவிலிருந்துதான் பதில் வரும்; மொத்தம்தான் வரும். மொத்தத்தைச் சொல்லத் தமிழில் ஏற்கெனவே தயாராக இருக்கும் சொற்கள்தான் தேய்வழக்குகள். கை தானாக அங்கே போகிறது.

சுருக்கமாக: நினைவு இல்லாமல் நாம் தேய்வழக்கை எழுதுவதில்லை. தவறான கேள்வியைக் கேட்டுவிட்டு எழுதுகிறோம்.

## கேள்வியை மாற்றினால் என்ன நடக்கிறது

அந்த மகள் வந்துபோன பிறகு என் கோப்பை அழித்துவிட்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். அழிக்கவில்லை, அவசரக்காரர்களுக்கு இன்றும் அதுதான். ஆனால் கொஞ்சம் நேரம் இருக்கிறவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறேன். அப்படி ஒரு மடல் உருவானதை அப்படியே சொல்கிறேன்.

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் வேதியியல் ஆசிரியை வந்திருந்தார். ஓய்வு பெறப் போகிறவர் அவர்கள் ஆய்வக உதவியாளர். பள்ளியில் எல்லாருக்கும் அவர் "லேப் அண்ணன்". டீச்சர் எழுதிக்கொண்டு வந்த தாளில் இருந்தது இது: "கடமை தவறாத கண்ணியவான், மாணவர் நலனையே மூச்சாகக் கொண்டவர், அதிர்ந்து பேசாத அன்பின் உருவம்."

"ரொம்ப நல்ல மனுஷன் தம்பி" என்றார்.

"எதுல டீச்சர்?"

"எல்லாத்துலயும்தான்."

இது எதிர்பார்த்ததுதான். "எதில்" என்ற கேள்வியும் மொத்தத்தைத்தான் கேட்கிறது. நிகழ்வுசார் நினைவை எழுப்ப இடம், பொருள், ஆட்கள், நேரம் என்று ஏதாவது ஒரு பிடி வேண்டும். இப்படி நினைவை இழுத்துக்கொண்டு வரும் பிடிக்கு நினைவுத் தூண்டி என்று பெயர். தாழம்பூ வாசனை வந்தால் பாட்டி வீடு ஞாபகத்துக்கு வருகிறதே, அங்கே தூண்டி வாசனை.

"லேப்ல அவரை நினைச்சா, எந்த இடத்துல நிக்கிறார் டீச்சர்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஜன்னல் ஓரம், வாஷ் பேசின் பக்கத்துல. பியூரெட்டை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்துக்கிட்டு இருப்பார்."

"எதுக்கு?"

இங்கேதான் வந்தது. பியூரெட் என்பது அடியில் குழாய்த்திருகு வைத்த, அளவுக்கோடு போட்ட நீளமான கண்ணாடிக் குழாய். பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் அதிலிருந்து பெர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கீழே குடுவையில் இருக்கும் கரைசல் வெளிர் இளஞ்சிவப்பாக மாறுகிற இடத்தில் நிறுத்த வேண்டும். திருகு தேய்ந்து ஒழுகினால் நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்காது. கணக்கு தப்பும், மதிப்பெண் போகும். பள்ளியில் இருந்த பியூரெட்களில் சில ஒழுகும். புதிது வாங்கப் பணம் எப்போது வரும் என்று தெரியாது. அண்ணன் தேர்வுக்கு முந்தின நாள் ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பி, வெளிச்சத்தில் பிடித்து மட்டம் இறங்குகிறதா என்று பார்ப்பார். ஒழுகுகிறவற்றின் கழுத்தில் ஒரு நூல் கட்டிவிடுவார். நூல் கட்டியவை பழகுவதற்கு மட்டும். தேர்வு மேசைக்குப் போகாது.

டீச்சர் இதைச் சொல்லிவிட்டு, "ஆனா இதெல்லாம் மடல்ல போடுற விஷயமா தம்பி? சின்ன விஷயமாச்சே" என்றார்.

இதைக் கிட்டத்தட்ட எல்லாருமே கேட்கிறார்கள். பெரிய மனிதருக்குப் பெரிய சம்பவம் வேண்டும், வெள்ளத்தில் யாரையாவது காப்பாற்றியிருக்க வேண்டும் என்று தேடுகிறார்கள். அப்படி ஒன்று கிடைக்காதபோது "கண்ணியவான்" வந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் ஒரு ஆள் பல வருடமாகத் திரும்பத் திரும்பச் செய்தது, யாரும் சொல்லாமல் செய்தது, செய்ததை மற்றவர்கள் கவனிக்கவே இல்லை என்று அவரே நினைத்துக்கொண்டிருப்பது, இவை எல்லாம் சின்ன விஷயத்தில்தான் இருக்கும். நூல் கட்டியது அப்படிப்பட்டது.

கடைசியில் மடலின் நடுப்பத்தி இப்படி அமைந்தது:

"2011 பிப்ரவரி. நான் இந்தப் பள்ளிக்கு வந்து நடந்த முதல் செய்முறைத் தேர்வு. முந்தின நாள் மாலை, ஆய்வகத்தில் சில பியூரெட்களின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. ஏன் என்று கேட்டேன். 'இது ஒழுகும் டீச்சர், பரீட்சைக்கு வேண்டாம்' என்றார் அண்ணன். மறுநாள் எந்தப் பிள்ளையின் மேசையிலும் சிவப்பு நூல் இல்லை."

அவர் முதலில் கொண்டுவந்த தாளையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடமை தவறாதவர் என்பது இதில் இருக்கிறது. மாணவர் நலன் இருக்கிறது. அதிர்ந்து பேசாதவர் என்பதும் அந்த ஒரு வரிப் பேச்சில் இருக்கிறது. மூன்றையும் சொல்லவில்லை, வாசிக்கிறவர் தானே கூட்டிக்கொள்கிறார். பில்லைக் காட்டினால் மொத்தத்தை அவரே போட்டுவிடுவார்.

எழுதி முடித்ததும் டீச்சருக்குக் கை துறுதுறுத்தது. கடைசியில் "இத்தகைய கடமை வீரர்" என்று ஒன்று சேர்க்கச் சொன்னார். வேண்டாம் என்றேன். ஜோக்கைச் சொல்லிவிட்டு அதற்கு விளக்கமும் சொல்வது போல் ஆகிவிடும். அதை விட்டுவிட்டார். ஆனால் தலைமையாசிரியர் சொன்னதாக, உச்சியில் "கடமை, கண்ணியம், கட்டுப்பாடு" மட்டும் போட்டே ஆக வேண்டும் என்றார். சரி, போட்டோம். அலங்கார வளைவு மாதிரி அது ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இது ஒன்றும் புதுச் சரக்கு இல்லை. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 235ஆம் பாட்டு. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து குடிப்பான். நரந்தம் மணக்கும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பான். இந்த வரிகளில் "வள்ளல்" என்ற சொல் இல்லை. கள்ளின் அளவும், கையின் வாசனையும், தலையின் நாற்றமும் இருக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்திராதவர் அதை எழுதியிருக்க முடியாது.

## ஏன் நம்புகிறோம், எதனால் நம்பக்கூடாது

குறிப்பான விவரம் இருந்தால் கேட்கிறவர் நம்புகிறார். இதை நீதிமன்றச் சாட்சியத்தை வைத்து அமெரிக்காவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பிராட் பெல், எலிசபெத் லாஃப்டஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1989இல் வெளியிட்ட ஆய்வு அது. ஜூரிகளாக நடித்தவர்களிடம் ஒரு கடைக் கொள்ளை வழக்கைக் கொடுத்தார்கள். ஒரு வடிவத்தில், குற்றவாளி கடையில் சில சாமான்களை எடுத்தான் என்று மட்டும் சாட்சி சொல்கிறார். இன்னொரு வடிவத்தில் அந்தச் சாமான்களின் பெயரையே சொல்கிறார். வழக்குக்கும் சாமான்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் பெயர் சொன்ன சாட்சியின் பேச்சுக்கே எடை கூடியது. இவ்வளவு சின்ன விஷயத்தைக் கவனித்தவர் பெரிய விஷயத்தையும் கவனித்திருப்பார் என்று மனசு முடிவு கட்டுகிறது.

இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது, கவனித்தீர்களா? விவரம் பொய்யாக இருந்தாலும் எடை கூடும். பிரிவுபசார மடலில் இந்த வித்தை எடுபடாது. ஏனென்றால் யாரைப் பற்றிச் சொல்கிறோமோ அவரே முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருக்கிறார். ஊரே நம்பினாலும் அவருக்குத் தெரியும்.

வேண்டுமென்றே பொய் சொல்கிறவர்கள் குறைவு. பெரும்பாலும் நினைவே நமக்குத் தெரியாமல் திருத்திவிடுகிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் ஃப்ரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைச் சிலரிடம் படிக்கக் கொடுத்து, பிறகு நினைவிலிருந்து திரும்ப எழுதச் சொன்னார். அவர்களுக்குப் பழக்கமில்லாத விவரங்கள் உதிர்ந்துபோயின அல்லது பழகியவையாக மாறின. பழங்குடிகளின் சிறு தோணி, சாதாரணப் படகாகிவிட்டது. கதை வழவழப்பாகிக்கொண்டே வந்தது. அதாவது, நினைவை விட்டுவைத்தால் அது தானாகவே தேய்வழக்கை நோக்கி நகர்கிறது. விசித்திரமான மூலை எல்லாம் மழுங்கி, எல்லாருக்கும் தெரிந்த கதையாகிறது.

டீச்சருக்கும் இது நடந்தது. முதல் முறை சொன்னபோது அண்ணன் நூலைக் கட்டிக்கொண்டே, "ஒரு சொட்டு தப்பினாலும் ஒரு பிள்ளையின் எதிர்காலம் போய்விடும் டீச்சர், நமக்கு ஒவ்வொரு பிள்ளையும் முக்கியம்" என்று பேசியதாகச் சொன்னார். அதிர்ந்து பேசாத மனிதர் இவ்வளவு நீளமாகப் பேசினாரா? கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "இல்ல, அவர் ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டார். 'இது ஒழுகும், பரீட்சைக்கு வேண்டாம்'னு சொல்லியிருப்பார். மத்தது நான் நினைச்சுக்கிட்டது." நினைவில் வருகிற உரையாடல் மேடைப் பேச்சு மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். நிஜமான பேச்சு குட்டையாகத்தான் இருக்கும்.

நான் செய்யச் சொல்கிற சோதிப்பு எளிது. ஒவ்வொரு விவரத்தின் மேலும் விரலை வைத்து, இது நான் பார்த்ததா, பிறர் சொல்லிக் கேட்டதா, நானாக ஊகித்ததா என்று கேளுங்கள். பார்த்தது நிற்கட்டும். கேட்டதை அந்தப் பிறரிடம் ஒரு போன் போட்டு உறுதி செய்யலாம். ஊகித்ததை எடுத்துவிடலாம். டீச்சர் முதலில் "எட்டு பியூரெட்" என்றார். எண்ணிப் பார்த்தாரா என்றால் இல்லை. அதனால்தான் மடலில் "சில" என்று வந்தது. எண்ணிக்கை போனதால் அந்தப் பத்தி பலவீனமாகவில்லை. வருடம் மட்டும் உறுதி. அது அவர் பணியில் சேர்ந்த பிறகு வந்த முதல் தேர்வு. நூலின் நிறத்தில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. சிவப்புதான், நன்றாக ஞாபகம் இருக்கிறது என்று அடித்துச் சொன்னார்.

இந்தப் பகுதியின் சாரம்: விவரம் நம்பவைக்கும், அதனாலேயே அதைச் சரிபார்க்க வேண்டும். பார்த்ததைச் சொல்லுங்கள், பேச்சைச் சுருக்குங்கள், உறுதியில்லாத எண்ணை விடுங்கள்.

## உண்மையாக இருந்தும் தவறிப்போகிற நினைவுகள்

அடிக்கடி பார்ப்பது, எழுதுகிறவர் கதாநாயகன் ஆகிவிடுவது. "என் மகளுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது" என்று தொடங்கி, எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று எட்டு வரி போகும். ஒன்பதாவது வரியில் "அப்போது இவர் எனக்கு லீவு தந்தார்" என்று முடியும். நினைவு உண்மைதான். ஆனால் அதில் விடைபெறுகிறவர் ஒரு கையெழுத்தாக மட்டும் வருகிறார். எழுதியதில் "நான், என்" எத்தனை, "அவர்" எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். தன் கஷ்டத்தை ஒரு வரியில் முடித்துக்கொண்டு, லீவு விண்ணப்பத்தைப் படித்தபோது அவர் என்ன கேட்டார், என்ன செய்தார் என்பதற்கு மிச்ச இடத்தைக் கொடுத்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று கொஞ்சம் நாசூக்கானது. அவரைச் சின்னதாக்கும் நினைவு. கடன் வாங்கியது, தண்டனை இடமாற்றம் வந்தது, குடும்பத்தில் நடந்தது. சொல்கிறவர் பாசத்தோடுதான் சொல்வார், கூடவே இருந்தவர் என்று காட்டுவார். ஆனால் மடல் கண்ணாடி போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டப்படுவது. சம்பந்தி வீட்டார் வந்தாலும் படிப்பார்கள். அந்தச் சுவரில் மாட்டலாமா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் தனியாக ஒரு கடிதமாக எழுதிக் கையில் கொடுத்துவிடலாம்.

## அதிகம் பழகாதவர் என்ன எழுதுவது?

வாட்ஸ்ஆப் குழுவில் நாற்பது பேர் வரிசையாக "வாழ்த்துகள் சார்" போடும்போது நாமும் ஏதாவது போட வேண்டியிருக்கிறது. பழக்கம் குறைவு. சரி, ஒரு வரி போதும், அந்த வரி நீங்கள் பார்த்ததாக இருந்தால். "சார், நீங்க மதியம் டிபன் பாக்ஸைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிற அந்த ஜன்னல் திண்டை இனிமே யார் பிடிக்கப் போறாங்கன்னு தெரியல." அலுவலகத்தில் வேறு தளத்தில் இருப்பவரும் இதைப் பார்த்திருக்க முடியும். இல்லாத நெருக்கத்தை இது நடிக்கவில்லை.

எல்லாத் தேய்வழக்கையும் துரத்த வேண்டும் என்றும் இல்லை. "நலமுடன் வாழ்க" என்று முடிப்பது வணக்கம் சொல்வது மாதிரி ஒரு சடங்கு. அதில் யாரும் அடையாளம் தேடுவதில்லை. ஏ3 அளவு மடலில் படிக்கிற மாதிரி எழுத்தில் நூற்றைம்பது சொற்கள் வைக்கலாம். தலைப்பும் வாழ்த்தும் பெயர்ப் பட்டியலும் போக, ஒரு நினைவுக்கு அறுபது எழுபது சொற்கள் கிடைக்கும். லேப் அண்ணனின் பத்திக்கு நாற்பது சொற்கள்கூடத் தேவைப்படவில்லை. மூன்று நினைவைத் திணிப்பதைவிட ஒன்றை மூச்சு விட்டுச் சொல்வது நல்லது.

## அந்த மடல்

விழா முடிந்து நாலைந்து நாளில் டீச்சர் ஃபிரேமோடு கடைக்கு வந்தார். கண்ணாடி உடைந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

மேடையில் அவரே முழுதாக வாசித்தாராம். நூல் வருகிற இடத்தில் அண்ணன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, மைக் இல்லாமலே சொல்லியிருக்கிறார்: "சிவப்பு இல்ல டீச்சர், பச்சை. சிவப்பு நூல் முனை உடைஞ்ச பிப்பெட்டுக்குக் கட்டுறது." கூட்டம் சிரித்திருக்கிறது. பின்வரிசையில் இருந்த பழைய மாணவர் ஒருவர், ஆமாம், பச்சைதான் என்று கத்தியிருக்கிறார்.

"மாத்திக் கொடுத்துடு தம்பி" என்றார் டீச்சர். இரண்டு இடத்தில் "சிவப்பு" இருந்தது. இரண்டையும் பச்சையாக்கி, இந்த முறை நாலு தடவை படித்துப் பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பினேன்.